டூ என்றவருக்கு ஸீ என்று பதில் எழுதலாமா? பிறமொழிக் கடிதத்தில் நீயும் நீங்களும்: முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு பதிலை அனுப்பிவிட்டு அதன் விளைவைப் பல வாரங்கள் சுமந்தேன். என்னைவிட வயதில் மூத்த ஒருவர், வேலை தொடர்பாக எனக்கு 'டூ' போட்டு எழுதியிருந்தார். டூ என்பது அந்த மொழியின் 'நீ'. மூத்தவராயிற்றே என்று நான் 'ஸீ' போட்டுப் பதில் எழுதினேன். ஸீ என்பது அங்கே 'நீங்கள்'. மரியாதை கூடினால் குற்றமில்லை என்பது நம் ஊறிப்போன எண்ணம். அடுத்த கடிதத்தில் அவரும் ஸீக்கு மாறிவிட்டார். கடிதம் சுருங்கியது, வணக்கச் சொல் இறுகியது. நான் பணிவு என்று நினைத்து எழுதியதை அவர் 'என்னிடம் நெருங்காதே' என்று படித்திருந்தார்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு உள்ள மொழிகளில் பதில் எழுதும்போது தமிழர்களுக்கு நேரும் பெரிய வழுக்கல் இதுதான். ஆகவே இந்த வழிகாட்டியை ஜெர்மன் கடிதம் ஒன்றைச் சுற்றியே எழுதுகிறேன். மற்ற மொழிகள் தேவைப்படும் இடத்தில் வந்து போகும்.

முதல் படி: அந்த மொழியில் மரியாதை ஒருவழியா, இருவழியா?

தமிழில் பெரியவர் சிறியவரை 'நீ' என்கிறார், சிறியவர் பெரியவரை 'நீங்கள்' என்கிறார். இருவருக்கும் வருத்தமில்லை. மரியாதை ஒரு பக்கமாகவே ஏறிப் போகிறது. இந்தியும் வங்காளமும் இப்படித்தான். இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படிகள் உண்டு. வயதில் மூத்த ஒருவர் உங்களைத் 'தும்' என்று எழுதினால் நீங்கள் 'ஆப்' என்றே பதில் எழுத வேண்டும். அவர் காட்டிய நெருக்கத்தை அதே சொல்லால் திருப்பித் தந்தால் அது துடுக்கு.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் ஒரு காலத்தில் இதே வழக்கம் இருந்தது. முதலாளி வேலையாளை 'நீ' என்பார், வேலையாள் 'நீங்கள்' என்பார். பின்னர் அது மாறியது. 1960இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த மாற்றத்தை இரண்டே சொற்களில் விளக்கியது: அதிகாரம், ஒட்டுறவு. முன்பு 'நீங்கள்' என்ற சொல் யார் மேலே, யார் கீழே என்பதைக் காட்டியது. இப்போது அது இருவருக்கும் நடுவே உள்ள தொலைவைக் காட்டுகிறது. தொலைவு இரு பக்கமும் ஒன்றுதானே. அதனால் வளர்ந்த இருவர் பேசும்போது இருவரும் டூ, அல்லது இருவரும் ஸீ. ஒருவர் டூ, மற்றவர் ஸீ என்பது பெரியவருக்கும் குழந்தைக்கும் இடையே உண்டு. வளர்ந்தவர்களுக்கிடையே அது உறுத்தும்.

ஆக, கடிதம் கைக்கு வந்ததும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி 'இவருக்கு எவ்வளவு மரியாதை தர வேண்டும்?' என்பதன்று. 'இந்த மொழியில் பதிலுக்குப் பதில் அதே சொல்லா, அல்லது மேலும் கீழுமாக வேறு வேறு சொல்லா?' என்பதே. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவற்றில் பொதுவாக அதே சொல். இந்தி, வங்காளத்தில் வயதும் உறவும் பார்த்து வேறு சொல்.

இன்னொரு வகையும் உண்டு: மரியாதைச் சொல் ஓய்வு பெற்றுவிட்ட மொழி. ஸ்வீடிஷ் மொழியில் முன்பெல்லாம் எதிரில் நிற்கும் மருத்துவரிடமே 'டாக்டருக்குக் காபி வேண்டுமா?' என்று படர்க்கையில் கேட்பார்கள். பட்டம் தெரியாவிட்டால் திண்டாட்டம்தான். 'நி' என்ற பன்மைச் சொல் இருந்தும், அதைத் தனியொருவரிடம் சொன்னால் இளக்காரமாகப் பட்டது. 1967இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்ஸெத், ஊழியர் அனைவரையும் 'நீ' என்று பொருள்படும் 'டு' போட்டே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அந்த அறிவிப்பு அடையாளமாக நின்றது. இன்று அரச குடும்பத்தைத் தவிர ஏறக்குறைய எல்லோருக்கும் 'டு'தான். ஸ்வீடனிலிருந்து வந்த கடிதத்துக்கு மரியாதை தேடி 'நி' போட்டால், அதைக் கேட்டு முகம் சுளிக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: வந்த கடிதம் என்ன சொல்கிறது என்று படியுங்கள்

பதில் எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர் ஏற்கெனவே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அதைத் தவறில்லாமல் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. எல்லோரும் 'நீ', 'நீங்கள்' என்ற சொல்லைத்தான் தேடுவார்கள். ஆனால் அது கடிதத்தில் இல்லாமலே போகலாம். 'நேற்று வந்தீர்களா?' என்று கேட்டால் 'நீங்கள்' என்ற சொல் எங்கும் இல்லை, ஆனாலும் மரியாதை வினைமுற்றில் இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியும் இதே போன்றது. 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்குத் 'தியேனெஸ்', 'உங்களிடம் இருக்கிறது' என்பதற்குத் 'தியேனே'. கடைசி எழுத்து ஒன்றில்தான் வேறுபாடு. அர்ஜென்டினாவிலிருந்து எழுதுபவர் 'தெனேஸ்' என்பார். அது அங்கே வழங்கும் 'வோஸ்' என்ற சொல்லுக்குரிய வினை. அதுவும் நெருக்கமே.

ஜெர்மன் கடிதத்தில் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் வினை. டூவுக்குரிய நிகழ்கால வினைகள் பெரும்பாலும் 'ஸ்ட்' என்ற ஒலியில் முடியும்: 'கன்ஸ்ட்', 'ஹாஸ்ட்', 'பிஸ்ட்'. ஸீக்குரிய வினை பெரும்பாலும் 'ன்' ஒலியில் முடியும்: 'க்யொனன்', 'ஹாபன்'. அடுத்து உடைமைச் சொல். 'உன்னுடைய' என்பதற்கு 'டைன்', 'உங்களுடைய' என்பதற்கு 'ஈர்'. அதன் பிறகுதான் வணக்கமும் கடைசியில் உள்ள வாழ்த்தும் கையொப்பமும்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. 'ஸீ' என்ற ஒலிக்கு 'அவள்', 'அவர்கள்', 'நீங்கள்' என்று மூன்று பொருள். 'நீங்கள்' என்னும் பொருளில் வரும்போது மட்டும் அதை எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். 'ஈர்' என்ற சொல்லும் அப்படித்தான். பெரிய எழுத்தில் தொடங்கினால் 'உங்களுடைய' என்ற மரியாதைப் பொருள். சிறிய எழுத்தில் தொடங்கினால் 'அவளுடைய', 'அவர்களுடைய' ஆகலாம். அல்லது டூ போட்டுப் பேசும் பலரைச் சேர்த்து விளிக்கும் 'நீங்கள்' ஆகலாம். வாக்கியத்தின் முதல் சொல் எப்படியும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும், அதனால் அங்கே இந்த அடையாளம் உதவாது. நடுவில் வரும் சொல்லைப் பாருங்கள். டூ என்ற சொல்லைக் கடிதத்தில் சிலர் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். 1996ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் அதைச் சிறிய எழுத்தாக்கியது. 2006இல் கடிதங்களுக்கு மட்டும் இரண்டும் சரி என்று திருத்தினார்கள். ஆகவே பெரிய எழுத்தில் டூ வந்தால் அது எழுதுபவரின் வழக்கமே தவிர, கூடுதல் தொலைவு எதையும் குறிக்காது.

வணக்கச் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். 'லீபெ' என்றால் 'அன்புள்ள'. அதைப் பார்த்ததும் டூ என்று முடிவு கட்டுபவர்கள் பலர். 'லீபெ ஃப்ராவ்' என்று குடும்பப் பெயரோடு எழுதிவிட்டு உள்ளே ஸீ போடுவது மிக இயல்பான, இதமான வழக்கம். முதற்பெயரைச் சொல்லி அழைத்து ஸீ போடுவோரும் உண்டு. அதற்கு 'ஹாம்பர்க் ஸீ' என்றே பெயர். அன்பு வேறு, டூ வேறு.

பிரெஞ்சில் 'நீங்கள்' என்ற மரியாதைச் சொல்லான 'வூ' பன்மையும்கூட. உங்களையும் உங்கள் நண்பரையும் சேர்த்து எழுதிய கடிதத்தில் 'வூ' இருந்தால் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. அப்போது 'தயவுசெய்து' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒருவருக்கு மட்டும் எழுதிய வரியில் 'ஸில் து ப்லே' என்றிருந்தால் நெருக்கம், 'ஸில் வூ ப்லே' என்றிருந்தால் தொலைவு. அவசரமாக எழுதுபவர்கள் முதலாவதை எஸ்.டி.பி. என்றும் இரண்டாவதை எஸ்.வி.பி. என்றும் சுருக்கிவிடுவார்கள். அந்த நடு எழுத்து ஒன்றே போதும்.

மூன்றாம் படி: அதே சொல்லைத் திருப்பிக் கொடுங்கள்

கடிதத்தில் டூ இருந்தால் டூ. ஸீ இருந்தால் ஸீ. இருவழி மொழிகளில் பதிலுக்கு இதுவே விதி. இதைப் படிக்கும் தமிழர்கள் பலருக்கு முதல் பாதி கசக்கும். மேலதிகாரிக்கு 'நீ' என்று எழுதுவதா என்று கை நடுங்கும். டூ என்பதை 'நீ' என்று மனத்தில் மொழிபெயர்ப்பதால் வரும் நடுக்கம் அது. இருவழி மொழியில் டூ என்பது 'நாம் இருவரும் இந்தப் பக்கம்' என்ற அழைப்பு. அழைத்தவரை வாசலில் நிறுத்தினால்தான் அவமரியாதை.

ஸீ போட்டு வந்த கடிதத்துக்கு நீங்களாக டூவுக்கு இறங்காதீர்கள், எத்தனை கனிவான கடிதமாக இருந்தாலும் சரி. ஸீயிலிருந்து டூவுக்கு மாறலாம் என்று முன்மொழிவது வழக்கப்படி வயதில் மூத்தவர் அல்லது பதவியில் மேலானவர். முன்மொழியும்போது அதை வெளிப்படையாகவே சொல்வார்கள், 'டூ போட்டுக்கொள்ளலாமா?' என்று. அப்படி ஒரு வரி வந்தால் பதிலின் முதல் வரியிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்: 'கெர்ன பெர் டூ', அதாவது 'மகிழ்ச்சியாக, டூ போட்டே'. அதன் பின் மறந்தும் ஸீக்குத் திரும்பாதீர்கள். டூவிலிருந்து ஸீக்குத் திரும்புவதைச் சண்டையின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நான்காம் படி: கடிதம் எதையும் சொல்லாவிட்டால்

கடினமான இடம் இதுதான். ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கவிதா என்பவர் வாடகை அறை ஒன்றைப் பற்றி ஸீ போட்டு விசாரித்திருக்கிறார். இப்படிப் பதில் வருகிறது: 'ஹலோ கவிதா, செய்திக்கு மிக்க நன்றி. அறை இன்னும் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை சரிவருமா? ஃபீலெ க்ரூஸெ, மரியா ஷ்மிட்.' மூலத்திலும் இதே போல 'உங்கள்', 'உன்' எதுவுமே இல்லை.

தடயங்களை அடுக்கிப் பாருங்கள். முதற்பெயர் சொல்லி அழைத்திருக்கிறார், அது டூ பக்கம் சாய்கிறது. கையொப்பத்தில் முழுப் பெயர் இருக்கிறது, அது ஸீ பக்கம் சாய்கிறது. 'ஃபீலெ க்ரூஸெ' என்ற வாழ்த்து இரண்டுக்கும் பொருந்தும். 'லீபெ க்ரூஸெ' என்றிருந்தால் டூ என்று ஓரளவு துணியலாம். 'மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன்' என்றிருந்தால் ஸீ என்று துணியலாம். இங்கே இரண்டும் இல்லை. 'செய்திக்கு நன்றி' என்ற வரியில் 'உங்கள் செய்தி' என்று வருவதே இயல்பு. அதை அவர் விட்டிருக்கிறார் என்றால் அவரும் தயங்குகிறார் என்று பொருள். கவிதா ஸீ போட்டிருந்தார், மரியாவுக்கு டூதான் வசதி போலும், ஆனால் முதல் கடிதத்திலேயே துணிய மனமில்லை.

இந்த நிலையில் நீங்களும் முன்னிலைச் சொல் இல்லாமலே எழுதுங்கள். மனத்தில் தோன்றும் வரி ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும். 'உங்கள் விரைவான பதிலுக்கு நன்றி' என்பது 'விரைவான பதிலுக்கு நன்றி' ஆகும். 'நீங்கள் சொன்ன சனிக்கிழமை வருகிறேன்' என்பது 'சனிக்கிழமை பத்து மணிக்கு வர முடியும்' ஆகும். 'அறையின் படங்களை அனுப்புவீர்களா?' என்பதில்தான் பலர் சிக்குவார்கள், ஏனென்றால் வேண்டுகோள் வினையே டூவா ஸீயா என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கேள்வியாக்கி, பொருளை எழுவாயாக்குங்கள்: 'படங்கள் இருக்கின்றனவா?' ஜெர்மனில் 'கிப்ட் எஸ் ஃபோடோஸ்?' என்ற மூன்றே சொற்கள், அதில் முன்னிலை கிடையாது. 'உங்களுக்குப் பத்து மணி வசதியா?' என்பதற்கு 'பத்து மணி சாத்தியமா?'

வணக்கத்தில் 'ஹலோ மரியா ஷ்மிட்' என்று முழுப் பெயர் எழுதலாம். இன்று அது ஏற்கப்பட்ட நடுநிலை வழக்கம். வாழ்த்தில் அவர் எழுதிய 'ஃபீலெ க்ரூஸெ' என்பதையே திருப்பி எழுதுங்கள்.

இப்படி முன்னிலைச் சொல்லைத் தவிர்ப்பதற்கு எல்லை உண்டு. ஐந்தாறு வரிக் கடிதத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கக் கடிதத்தில் மொழி விறைத்துப்போகும், ஆளில்லாத அறிவிப்புப் பலகை போல ஒலிக்கும். இரண்டாவது கடிதத்திலும் அதையே செய்தால் எதிரில் இருப்பவர் கவனித்துவிடுவார். ஆகவே இது ஒரு முறைக்கான வழி. அதற்குள் அவர் சொல்லிவிடுவார். நீண்ட கடிதமே எழுத வேண்டியிருந்தால், முன்பு எந்தச் சொல்லில் தொடங்கினீர்களோ அதையே தொடருங்கள். கவிதாவுக்கு அது ஸீ.

ஐந்தாம் படி: முடிவெடுத்தபின் கடிதம் முழுவதையும் மாற்றுங்கள்

மரியாவின் அடுத்த கடிதத்தில் 'அப்படியானால் சனிக்கிழமை உன்னைப் பார்க்கிறேன்' என்று வருகிறது. 'உன்னை' என்பதற்கான 'டிஷ்' என்ற சொல் இருக்கிறது. இனி டூ. கவிதா முதல் கடிதத்தை எடுத்து அதன்மேலேயே புதிய பதிலை எழுதுகிறார். 'உன் வீட்டு முகவரி என்ன?' என்று சரியாகத் தொடங்கி, கடைசியில் பழைய கடிதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த 'உங்கள் தொலைபேசி எண்ணையும் தெரிவியுங்கள்' என்ற வரியை விட்டுவிடுகிறார். ஒரே கடிதத்தில் இரண்டும். எந்தப் பாட நூலிலும் இல்லாத இந்தப் பிழையைத்தான் நான் மிக அதிகமாகத் திருத்தியிருக்கிறேன்.

கண்டுபிடிக்க வழி எளிது. டூ குடும்பத்துச் சொற்கள் டூ, டிஷ், டிர், டைன். ஸீ குடும்பத்துச் சொற்கள் ஸீ, ஈனன், ஈர். அனுப்புமுன் எழுதி முடித்த கடிதத்தில் எதிர்க் குடும்பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பிறகு வினைகளை மட்டும் ஒரு முறை படியுங்கள். டூ கடிதத்தில் வாக்கிய நடுவே பெரிய எழுத்து 'ஈர்' அகப்பட்டால் அது பழைய கடிதத்தின் எச்சம். வணக்கத்தையும் வாழ்த்தையும் மறக்க வேண்டாம். உள்ளே டூ போட்டுவிட்டு மேலே 'மதிப்புக்குரிய திருமதி' என்ற பொருளில் 'ஸேர் கெயேர்டெ ஃப்ராவ்' என்று குடும்பப் பெயரோடு தொடங்கினால், வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டியது போல இருக்கும்.

ஆறாம் படி: அகராதியில் உள்ள 'நீங்கள்' பயன்படாத மொழிகள்

சில மொழிகளில் மரியாதை என்றாலே முன்னிலைச் சொல்லை விட்டுவிடுவதுதான். ஜப்பானியத்தில் 'அனாதா' என்ற சொல்லை அகராதி 'நீங்கள்' என்று தரும். பெயர் தெரிந்த ஒருவருக்கு எழுதும் பதிலில் அதைப் போட்டால் ஒட்டாது. பெயரோடு 'சான்' சேர்த்து, அல்லது ஆசிரியர், மருத்துவர் என்றால் 'சென்செய்' என்று எழுதி, முடிந்த இடங்களில் அதையும் விட்டுவிடுவார்கள். கொரிய மொழியிலும் 'நீங்கள்' என்பதற்கு நேரான சொல்லைத் தேடாமல், பதவிப் பெயரோடு 'நிம்' சேர்ப்பார்கள். போலிஷ் மொழியில் ஆணைப் 'பான்', பெண்ணைப் 'பானி' என்று சொல்லி வினையைப் படர்க்கையில் வைப்பார்கள். நம் மொழியில் 'ஐயா எப்போது வருகிறார்?' என்று அவரிடமே கேட்பது போன்ற அமைப்பு. இம்மொழிகளில் வந்த கடிதத்தில் உங்களை எந்தப் பட்டத்தால் அழைத்திருக்கிறார், தன் பெயருக்குக் கீழே எந்தப் பதவியை எழுதியிருக்கிறார் என்று பார்த்து, அந்தப் பதவியைக் கொண்டே பதில் எழுதத் தொடங்குங்கள்.

தவறிவிட்டால்

தவறு நேர்ந்ததை அடுத்த கடிதத்தில் காணலாம். முன்பு டூ போட்டவர் ஸீக்குப் போயிருப்பார், அல்லது முன்னிலைச் சொல்லே இல்லாத வரிகளாக எழுதியிருப்பார். நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். அது சிறிய பிழையைப் பெரிய சங்கடமாக்கிவிடும். முதல் பத்தியில் ஒரே வரி போதும்: 'சென்ற கடிதத்தில் பழக்கத்தால் ஸீ என்று எழுதிவிட்டேன், டூ எனக்கும் விருப்பமே.' தவறிப்போய் ஸீக்காரருக்கு டூ போட்டிருந்தால் விளக்கமும் வேண்டாம். அவர் ஸீயில் எழுதிய பதிலைப் பார்த்ததும் நீங்களும் ஸீக்கு வந்துவிடுங்கள், முதல் வணக்கத்திலிருந்தே. வேற்றுமொழிக்காரர் என்பது தெரிந்திருப்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

என் மூத்த நண்பருக்கு அந்த ஒரு வரியை நான் இரண்டு மாதம் தாமதித்துத்தான் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. முதல் வினையின் முடிவில் 'ஸ்ட்' இருந்தது.